பாயின் மேடு பள்ளம்: போட்டோவிலிருந்து நோர்மல் மேப் எடுப்பது

அக்கரைப்பற்றில் வாங்கிய பன்பாய் ஒன்று எங்கள் வீட்டு விறாந்தையில் கிடக்கிறது. வெளிறிய மஞ்சள் பன்னுக்கு இடையில் சிவப்புச் சாயம் ஏற்றிய பன்னை ஓடவிட்டு, கட்டம் கட்டமாகக் கோலம் வரும்படி இழைத்த பாய். களுவாஞ்சிகுடியிலிருந்து வந்த தம்பி ஒருவர் அதைப் படம் பிடித்துக்கொண்டு போனார். பழைய மட்டக்களப்பு வீடொன்றை Blender என்ற முப்பரிமாண மென்பொருளில் கட்டிக்கொண்டிருந்தார். அதன் விறாந்தையில் இதே பாயை விரிக்க ஆசை. இரண்டு நாள் கழித்து மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணன், பாய் ஏன் குழி குழியா இருக்கு? சிவப்பு வாற இடமெல்லாம் வெட்டி எடுத்த மாதிரிக் கிடக்கு."

பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். இழைப்பின் நெளிவு எங்கேயும் தெரியவில்லை. சிவப்புக் கோலம் மட்டும் உளியால் செதுக்கியதுபோல் உள்ளே இறங்கியிருந்தது. போட்டோவை ஒரு மென்பொருளில் போட்டு, தட்டையான பரப்பில் மேடு பள்ளம் இருப்பதுபோலக் காட்டும் நோர்மல் மேப் என்ற படத்தை எடுத்திருக்கிறார். இழைப்புத் தெரியவில்லை என்று ஸ்ட்ரெந்த்தைக் கூட்டியிருக்கிறார். கூட்டக் கூட்ட குழிதான் ஆழமானது. அது ஏன் அப்படி ஆகிறது, அந்த ஸ்ட்ரெந்த் என்ற எண் உண்மையில் எதைக் குறிக்கிறது என்பதை இந்த ஒரு பாயை வைத்தே சொல்லிவிடலாம்.

முதலில் ஹைட் மேப். அது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளை என்றால் மேடு, கறுப்பு என்றால் பள்ளம், இடையில் உள்ள சாம்பல் எல்லாம் இடைப்பட்ட உயரம். ஒவ்வொரு பிக்சலிலும் இருப்பது ஒரே ஒரு எண்தான்: இந்த இடம் எவ்வளவு உயரம் என்பது.

நோர்மல் மேப்பில் இருப்பது உயரம் இல்லை, திசை. மேற்பரப்பில் ஒரு புள்ளியில் ஈர்க்குத் துண்டொன்றைச் செங்குத்தாகக் குத்தினால் அது எந்தப் பக்கம் பார்க்கும் என்பதுதான் அந்தத் திசை. பள்ளிக்கூடத்தில் செவ்வன் என்று படித்தோமே, அதே சங்கதி. சமதரையில் ஈர்க்கு நேரே மேலே நிற்கும். சரிவில் குத்தினால் சரிவு இறங்கும் பக்கமாகச் சாயும். ஒளி ஒரு பரப்பில் எப்படி விழுகிறது என்பதைக் கணினி கணக்குப் போடுவது இந்தத் திசையை வைத்துத்தான். அதனால் பரப்பு தட்டையாகவே இருந்தாலும், ஈர்க்கின் சாய்வை மட்டும் பொய்யாக மாற்றிச் சொன்னால், கண்ணுக்கு மேடு பள்ளம் இருப்பதுபோலத் தெரியும். கணினி வரைகலை ஆய்வாளர் ஜேம்ஸ் பிளின் 1978-இல் முன்வைத்த வழியின் அடிப்படை இதுதான். நோர்மல் மேப் அதன் வழியில் பிறகு வந்தது.

திசையைப் படத்தில் எழுதுவதற்கு மூன்று நிறங்களும் பயன்படுகின்றன. இடம் வலம் சாய்வு சிவப்பில், மேல் கீழ் சாய்வு பச்சையில், நேரே நம்மைப் பார்க்கும் அளவு நீலத்தில். சாய்வு இல்லாத இடத்தின் எண் (128, 128, 255). நோர்மல் மேப் எல்லாம் ஊதா கலந்த நீலமாக இருப்பது இதனால்தான். அது தட்டையான தரையின் நிறம்.

இப்போது உயரத்திலிருந்து திசைக்குப் போகும் வழி. ஒரு பிக்சலை எடுங்கள். அதன் வலப்பக்கத்து அயலவரின் உயரத்திலிருந்து இடப்பக்கத்து அயலவரின் உயரத்தைக் கழித்து, இரண்டால் வகுத்தால் அந்த இடத்தின் கிடைச் சரிவு வந்துவிடும். மேலேயும் கீழேயும் உள்ள அயலவர்களை வைத்து அதையே செய்தால் மற்றச் சரிவு. வலப்பக்கம் உயர்ந்துகொண்டு போனால் ஈர்க்கு இடப்பக்கம் சாயும். ஆகவே குறி மாறும். அவ்வளவுதான் கணக்கு. நோர்மல் மேப் எடுக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் இதையோ, இதைக் கொஞ்சம் விரித்து எட்டு அயலவரையும் சேர்த்துப் பார்ப்பதையோதான் செய்கின்றன. பைத்தனில் எழுதினால் இவ்வளவு:

```python
import numpy as np
from PIL import Image

h = np.asarray(Image.open("pai.png").convert("L")) / 255.0
s = 4.1
dx = (np.roll(h, -1, 1) - np.roll(h, 1, 1)) / 2
dy = (np.roll(h, -1, 0) - np.roll(h, 1, 0)) / 2
n = np.dstack([-s * dx, s * dy, np.ones_like(h)])
n /= np.linalg.norm(n, axis=2, keepdims=True)
out = ((n * 0.5 + 0.5) * 255).round().astype("uint8")
Image.fromarray(out).save("pai_normal.png")
```

இதில் `s` என்று இருப்பதுதான் ஸ்ட்ரெந்த். பலர் இதைக் கறிக்கு உப்புப் போடுவதுபோல, கண்ணுக்குப் பிடிக்கும் வரை கூட்டிக் குறைத்துப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இதற்குச் சரியான எண் ஒன்று இருக்கிறது. ஒரு அடிமட்டம் இருந்தால் அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

மேலே உள்ள கணக்கைத் திரும்பப் பாருங்கள். உயரம் 0-இலிருந்து 1 வரை ஓடுகிறது. அகலம் பிக்சலில் எண்ணப்படுகிறது. சரிவு என்றால் உயரத்தை அகலத்தால் வகுப்பது. இரண்டும் ஒரே அலகில் இருந்தால்தான் அந்த வகுத்தலுக்கு அர்த்தம். ஆகவே கறுப்பிலிருந்து வெள்ளை வரை உள்ள முழு உயரம் எத்தனை பிக்சல் அகலத்துக்குச் சமம் என்பதைத்தான் `s` சொல்கிறது.

எங்கள் பாயில் அளந்தோம். படத்தில் விழுந்த சதுரம் 50 சென்ரிமீற்றர், படம் 2048 பிக்சல். அப்படியென்றால் ஒரு பிக்சல் 0.244 மில்லிமீற்றர். ஒரு பன் இழை அடுத்ததன் மேல் ஏறி இறங்கும் உயர வித்தியாசம் கிட்டத்தட்ட 1 மில்லிமீற்றர். 1-ஐ 0.244-ஆல் வகுத்தால் 4.1. அதுதான் இந்தப் பாயின் ஸ்ட்ரெந்த்.

இது சரிதானா என்று ஒரு இழையில் வைத்துப் பார்க்கலாம். இழையின் அகலம் 5 மில்லிமீற்றர், அதாவது ஏறக்குறைய 20 பிக்சல். இடது ஓரத்திலிருந்து நடுமுதுகு வரை 10 பிக்சல் தூரத்தில் உயரம் 0-இலிருந்து 1-க்கு ஏறுகிறது என்று வையுங்கள். ஒரு பிக்சலுக்கு 0.1. அதை 4.1-ஆல் பெருக்கினால் சரிவு 0.41, பாகையில் சொன்னால் 22. நோர்மல் மேப்பில் இழையின் இடது பக்கத்துச் சிவப்பு எண் 79 ஆகவும், வலது பக்கத்தில் 176 ஆகவும் வரும். கையால் தடவிப் பார்த்தால் தெரியும் அந்த மெல்லிய நெளிவுக்கு 22 பாகை பொருத்தமான சரிவுதான்.

தம்பி வைத்திருந்தது 20. அந்த எண்ணில் இழையின் பக்கம் 63 பாகை சாய்கிறது. 20 பிக்சல் ஆழம் என்றால் ஏறக்குறைய 5 மில்லிமீற்றர். இழையின் அகலம் எவ்வளவோ அவ்வளவு உயரத்துக்கு அது நிமிர்ந்து நிற்கிறது என்று கணினிக்குச் சொல்லியிருக்கிறார். அப்படி ஒரு பாயில் யாராலும் படுக்க முடியாது.

இதிலிருந்தே இன்னொன்றும் தெரிய வரும். ஹைட் மேப்பை 1024 பிக்சலுக்குச் சுருக்கிவிட்டு நோர்மல் மேப் எடுத்தால் ஒரு பிக்சல் இரண்டு மடங்கு அகலமாகிவிடும். ஆகவே ஸ்ட்ரெந்த்தும் பாதியாகி 2.05 ஆக வேண்டும். பழைய எண்ணையே வைத்தால் பாய் இரண்டு மடங்கு முரடாகிவிடும். படம் சுருங்கினாலும் பாய் அதே பாய்தானே.

மென்பொருளில் உள்ள இழுவைப் பட்டையின் எண்ணும் இந்த 4.1-உம் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒவ்வொன்றும் தன் வசதிக்கு ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது. அதற்கு நான் செய்வது இது. ஒரு வெற்றுப் படத்தில், சரியாக 41 பிக்சல் அகலத்துக்குள் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு இடமிருந்து வலமாக ஒரே சீராக ஏறும் பட்டை ஒன்று வரைவேன். ஸ்ட்ரெந்த் 4.1 என்றால் அந்தப் பட்டையின் சரிவு 0.1, நோர்மல் மேப்பில் சிவப்பு எண் 115 வர வேண்டும். அந்தப் பட்டையை மென்பொருளுக்குக் கொடுத்து, நிறம் பார்க்கும் கருவியால் தொட்டு, 115 வரும்வரை இழுவையை நகர்த்துவேன். அந்த இடத்தில் என்ன எண் நிற்கிறதோ அதுதான் அந்த மென்பொருளில் என் பாய்க்கான எண். சில மென்பொருள்களில் சிவப்பு எதிர்த்திசையில் 140 என்று வரும். அப்படியென்றால் அங்கே இடம் வலம் திருப்பிப் போடப்பட்டிருக்கிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

சரி, தம்பி ஸ்ட்ரெந்த்தை 4.1-க்குக் குறைத்தார். முரடு போனது. குழி போகவில்லை. கோலம் இன்னும் உள்ளேதான் இறங்கி நின்றது.

காரணம், அவர் கொடுத்தது ஹைட் மேப்பே இல்லை. அது போட்டோ. போட்டோவின் பிக்சலில் இருப்பது எவ்வளவு வெளிச்சம் கமராவுக்கு வந்தது என்ற எண். மென்பொருள் அதை உயரம் என்று எடுத்துக்கொண்டு மேலே சொன்ன கழித்தலைச் செய்துவிடுகிறது. சாயம் ஏறாத பன் 200, சிவப்புப் பன் 70 என்று இருந்தது அவருடைய கறுப்பு வெள்ளைப் படத்தில். வித்தியாசம் 130, அதாவது முழு உயரத்தில் பாதி. மென்பொருளின் பார்வையில் சிவப்பு இழை அரை மில்லிமீற்றர் கீழே கிடக்கிறது. அதுவும் நிறம் மாறும் இடம் இரண்டே பிக்சல் அகலம். அந்த ஓரத்தின் சரிவைக் கணக்குப் பார்த்தால் 46 பாகை வருகிறது. உண்மையான இழையின் வளைவுக்கு உரிய 22 பாகையைவிட, இல்லாத குழியின் ஓரம் இரண்டு மடங்கு செங்குத்து! இழையின் உண்மையான வளைவோ போட்டோவில் இருபது எண் வித்தியாசம்கூடக் காட்டவில்லை. இந்த நிலையில் ஸ்ட்ரெந்த்தைக் கூட்டினால் பொய்யும் மெய்யும் ஒரே அளவில் பெருகும். ஸ்ட்ரெந்த்துக்கு எது சாயம் எது மேடு என்று தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. நோர்மல் மேப்பை மட்டும் தனியே திறந்து பாருங்கள். அதில் பாயின் கோலத்தை வாசிக்க முடிகிறதா? வாசிக்க முடிந்தால் அந்த மேப் பிழை. ஏனென்றால் கோலம் சாயத்தில் இருக்கிறது, உயரத்தில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பாயைத் தடவும் ஒருவருக்கு எது தெரியாதோ அது நோர்மல் மேப்பிலும் தெரியக் கூடாது.

இந்தப் பாய்க்கு ஒரு வழி இருந்தது. போட்டோவைச் சும்மா கறுப்பு வெள்ளையாக்காமல், சிவப்பு சானலை மட்டும் பிரித்து எடுத்தோம். GIMP-இல் `Colors > Components > Decompose` போட்டு RGB என்று தெரிவு செய்தால் மூன்றும் தனித்தனியாக வரும். சிவப்புச் சாயம் சிவப்பு ஒளியை நன்றாகவே திருப்பி அனுப்பும். ஆகவே சிவப்பு சானலில் சாயப் பன்னும் சாதாப் பன்னும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சம்: 190-உம் 215-உம். ஓரத்தின் பொய்ச் சரிவு 46 பாகையிலிருந்து 11 பாகைக்கு இறங்கிவிட்டது. முற்றாகப் போகவில்லை, ஆனால் இழைப்பை மறைக்காத அளவுக்கு அடங்கிவிட்டது. பச்சைச் சாயமும் சிவப்புச் சாயமும் கலந்த பாயாக இருந்திருந்தால் இந்த உபாயம் கைகொடுத்திருக்காது. ஒரு சானலில் சிவப்பு மறைந்தால் பச்சை இருண்டு நிற்கும்.

அடுத்த பிரச்சினை வெயில். தம்பி முதலில் படம் பிடித்தது பின்னேரம், முற்றத்தில், சாய்வெயிலில். இழைப்பு நன்றாகத் தெரியட்டும் என்று நினைத்திருக்கிறார். கண்ணுக்கு அது நன்றாகத்தான் தெரியும். ஆனால் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது, வெளிச்சத்தைப் பார்க்கும் சரிவு பிரகாசமாகவும் மறுபக்கச் சரிவு இருட்டாகவும் இருக்கும். அதாவது அந்தப் போட்டோ காட்டுவது சரிவை, உயரத்தை இல்லை. அதை உயரம் என்று எடுத்து மறுபடியும் சரிவு கணக்கிட்டால், ஒரு இழை இரண்டாகப் பிளந்துவிடும். வெயில் பட்ட பாதி ஒரு மேடு, நிழல் பாதி ஒரு வாய்க்கால். இழையின் நடுமுதுகு, உண்மையில் எல்லாவற்றிலும் உயரமான இடம், மேட்டுக்கும் வாய்க்காலுக்கும் இடைப்பட்ட சரிவாகப் போய்விடும். நோர்மல் மேப்பில் மேடுகள் இழையின் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் தள்ளி நிற்பது இதனால்தான்.

மழை மூட்டமான நாளில் வானம் முழுவதும் ஒரே வெளிச்சமாக இருக்கும். அப்போது மேட்டுக்கு எல்லாப் பக்கத்திலிருந்தும் வெளிச்சம் வரும். இழைகளுக்கு இடையிலுள்ள இடுக்குக்கு வானத்தின் சிறு துண்டு மட்டும் தெரியும், ஆகவே அது இருளும். மேடு வெளிச்சம், பள்ளம் இருட்டு என்ற அனுமானம் ஓரளவாவது உண்மையாவது இந்த நிலையில்தான். எங்களுக்கு மார்கழி மழை இதற்கு நல்ல காலம். வெயில் காலத்தில் என்றால் நேர் வெயில் படாத விறாந்தையில் பாயை விரித்து, கமராவை நேர் மேலே பிடித்து எடுக்கலாம். சுவரோரம் விரித்தால் ஒரு பக்கம் இருண்டுவிடும், நடுவில் விரியுங்கள்.

பக்கத்து வீட்டுப் பூச்சுப் பூசாத செங்கல் மதிலையும் ஒருமுறை எடுத்துப் பார்த்தோம். அங்கே மூட்டமான வானமும் உதவவில்லை. கல்லுக்கு இடையில் உள்ள சீமெந்துச் சாந்து கல்லைவிட வெளிறியது. அது உள்ளே தள்ளி இருந்தாலும் நோர்மல் மேப்பில் வரம்பு கட்டியதுபோல் வெளியே புடைத்துக்கொண்டு வந்தது. நிறத்தைத் தலைகீழாக்கினால் சாந்து உள்ளே போகும், ஆனால் மாரியில் படிந்த கரும்பாசி அப்போது மலைபோல் எழும்பி நிற்கும். அந்த மாதிரிச் சுவருக்குப் போட்டோவை நம்பக் கூடாது. போட்டோவைக் கீழே வைத்து, மேலே புதிய லேயரில் கல்லை வெள்ளையாகவும் சாந்தைக் கறுப்பாகவும் கையால் வரைந்து ஹைட் மேப் செய்வதே வழி. ஒரு மணித்தியால வேலை, ஆனால் வருவது உண்மையான உயரம்.

பாய்க்கும் கடைசியில் தம்பி அதைத்தான் செய்தார். ஒரு இழை ஏறி இறங்கும் சிறு துண்டை மட்டும் வரைந்து, அதையே திரும்பத் திரும்ப அடுக்கினார். அதன்மேல் சிவப்பு சானல் போட்டோவை மிக மெல்லியதாகக் கலந்தார், நாரின் சொரசொரப்புக்காக. கலப்பதற்கு முன் போட்டோவை ஒரு பிக்சல் அளவுக்கு மங்கலாக்கச் சொன்னேன். போனில் எடுத்த JPEG படத்தில் 8-க்கு 8 பிக்சல் சதுரங்களாகப் பிசிறு இருக்கும். சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அயலவர்களைக் கழிக்கும் இந்தக் கணக்கு சின்ன வித்தியாசங்களைத்தான் தேடிப் பிடிக்கிறது, ஆகவே அந்தச் சதுரங்கள் வலைபோல வெளியே வரும். மங்கலாக்குவதை ஹைட் மேப்பில் செய்ய வேண்டும். நோர்மல் மேப் எடுத்த பிறகு அதைப் போய் மங்கலாக்கினால் ஈர்க்குகளின் நீளம் கெட்டுவிடும்.

Blender-இல் போடும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். நோர்மல் மேப் படத்தின் `Color Space` கட்டாயம் `Non-Color` ஆக இருக்க வேண்டும். `sRGB` என்று விட்டால் 128 என்ற எண் பாதி என்று வாசிக்கப்படாமல் ஏறக்குறைய 0.22 என்று வாசிக்கப்படும். தட்டையான இடம்கூட ஒரு மூலைப் பக்கம் சாய்ந்துவிடும். மற்றது பச்சை சானல். Blender-உம் Unity-யும் மேல்நோக்கிய சாய்வைப் பச்சை கூடுவதாக எடுக்கின்றன, Unreal அதைத் தலைகீழாக எடுக்கிறது. மேலே உள்ள நிரல் Blender-க்கு உரியது. விளக்கை மேலே வைத்துப் பார்க்கையில் இழைகளின் கீழ்ப்பக்கம் மின்னினால், பச்சையைத் திருப்பிப் போட வேண்டும் என்று அர்த்தம். இடம் வலம் மட்டும் பார்த்தால் இந்தப் பிழை அகப்படாது.

இப்போது பாய் பாயாக இருந்தது. தம்பி அந்த உற்சாகத்தில் வீட்டைச் சுற்றியிருந்த கிடுகு வேலிக்கும் இதேபோலச் செய்யப் பார்த்தார். தூரத்திலிருந்து பரவாயில்லை. கிட்டப் போனதும் கிடுகு அச்சடித்த கடதாசி மாதிரி ஆகிவிட்டது.

பாயில் ஆழம் ஒரு மில்லிமீற்றர்; அதை யாரும் பக்கவாட்டில் குனிந்து பார்ப்பதில்லை. கிடுகில் ஓலை நுனிகள் விரற்கடை கணக்கில் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், ஒன்று மற்றதன்மேல் நிழல் விழுத்தும், இடுக்கால் வெளிச்சம் ஊடுருவும், வேலியின் மேல் விளிம்பு ஒழுங்கில்லாமல் பிசிறிக் கிடக்கும். நோர்மல் மேப் ஈர்க்கின் திசையை மட்டும்தான் மாற்றுகிறது, ஒரு புள்ளியைக்கூட இடம்பெயர்ப்பதில்லை. ஆகவே விளிம்பு நேர்கோடாகவே இருக்கும், ஓலை மற்ற ஓலையை மறைக்காது, நிழல் விழாது. ஸ்ட்ரெந்த்தை எவ்வளவு கூட்டினாலும் இதில் எதுவும் வராது. நடந்து போகும்போது பக்கத்து ஓலைகள் ஒன்றையொன்று கடந்து நகர வேண்டும். அது நகராததைக் கண் உடனே பிடித்துவிடுகிறது.

வேலிக்கு அவர் ஐந்தாறு கிடுகுகளை உண்மையான வடிவமாகவே செய்து, திருப்பியும் சரித்தும் மாற்றி மாற்றிக் கட்டினார். ஓலை நரம்பின் மெல்லிய கோடுகளுக்கு மட்டும் ஒரு நோர்மல் மேப் வைத்தார்.